கலக்கிக்குக் கியர் மோட்டார்: விலைப்புள்ளி கேட்கும் கடிதம் எழுதுவது எப்படி?

“அரை எச்.பி. கியர் மோட்டார் ஒன்று தேவை. விலை தெரிவிக்கவும்.” இப்படி ஒரு கடிதத்தை மூன்று கடைகளுக்கு அனுப்பினால் மூன்று விலை வரும். ஆனால் அவை மூன்று வெவ்வேறு பொருள்களின் விலையாக இருக்கும். ஒருவர் வார்ம் கியர் பெட்டிக்கு விலை போட்டிருப்பார், இன்னொருவர் ஹெலிகல் பெட்டிக்குப் போட்டிருப்பார். மூன்றாமவர் சிங்கிள் பேஸ் மோட்டாரை நினைத்துக்கொண்டு எழுதியிருப்பார். அதில் மலிவானதைத் தேர்ந்தெடுத்து வாங்கி, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது தொட்டியின் மேல் உட்காராது என்று தெரியவரும்.

கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில் ஒரு சிறு பால் நிலையம் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டர் பல்க் கூலர் ஒன்று இருக்கிறது. அதன் கலக்கியை ஓட்டும் கியர் மோட்டார் பழுதாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து புதியது வாங்க வேண்டும். கீழே வரும் அளவுகளெல்லாம் இந்த எடுத்துக்காட்டுக்கு உரியவை. உங்கள் தொட்டிக்கு உங்கள் அளவுகளைத்தான் எழுத வேண்டும். ஆனால் எதை அளப்பது, ஏன் அளப்பது என்பதும் கடிதத்தின் அமைப்பும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

கலக்கி செய்யும் வேலை

பல்க் கூலரின் குளிர் முழுக்கத் தொட்டியின் அடித்தகட்டிலிருந்து வருகிறது. கறந்த பால் ஏறக்குறைய 35 டிகிரியில் உள்ளே வரும். அதை மூன்று மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். கலக்கி சுற்றினால்தான் மேலே இருக்கும் வெதுவெதுப்பான பால் கீழே இறங்கித் தகட்டைத் தொடும். கலக்கி நின்றுபோய் கம்ப்ரசர் மட்டும் ஓடினால் அடியில் பால் உறையத் தொடங்கும், மேலே இருப்பது சூடாகவே நிற்கும். வெப்பமானி எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தின் கதையை மட்டும் சொல்லும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது நேரடியாகப் பணத்தைத் தொடுவது. பால் அசையாமல் நின்றால் கொழுப்பு மேலே திரளும். டேங்கர் வரும்போது சரியாகக் கலக்காமல் மாதிரி எடுத்தால் கொழுப்பு அளவு தவறாக வரும், அந்த அளவை வைத்துத்தான் பாலுக்கு விலை போடுகிறார்கள்.

அதற்காக வேகமாகக் கலக்கினாலும் ஆகாது. வேகம் கூடினால் நுரை தள்ளும், கொழுப்பு உருண்டைகள் உடையும், வெண்ணெய்த் துணுக்குகள் மிதக்கத் தொடங்கும். அதனால்தான் பல்க் கூலர் கலக்கிகள் நிமிடத்துக்கு முப்பது சுற்றை ஒட்டிய மெதுவான வேகத்தில் சுற்றுகின்றன. மோட்டாரோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 சுற்று ஓடக்கூடியது. இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஈடுகட்டுவது கியர் பெட்டி. ஆகவே கடிதத்தில் முதலில் வர வேண்டியது எச்.பி. அல்ல, வெளியே வரும் தண்டின் வேகம். எச்.பி.யை மட்டும் எழுதி வேகத்தை விட்டுவிட்டால், நிமிடத்துக்கு 70 சுற்று ஓடும் பெட்டியையும் கடைக்காரர் நல்லெண்ணத்தோடே அனுப்பிவிடலாம்.

பேனா எடுக்கும் முன் தொட்டியிடம் போங்கள்

முதல் வேலை, மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது. பிறகு துணியால் துடைத்து நேம் பிளேட்டைப் பாருங்கள். இரண்டு பிளேட் இருக்கும். மோட்டாரில் ஒன்று, கியர் பெட்டியில் ஒன்று. பலர் மோட்டார் பிளேட்டை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விகிதம், வெளித்தண்டின் அளவு, பெட்டியின் வகை ஆகிய மூன்றையும் சொல்வது இரண்டாவது பிளேட்தான். இரண்டையும் கைபேசியில் படம் எடுங்கள். எழுத்து சரியாக விழவில்லை என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுங்கள்.

பிளேட் தேய்ந்துபோயிருந்தாலும் கவலையில்லை. கரன்ட் அணைந்திருக்கும்போதே மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் விசிறி தெரியும். கலக்கித் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். தண்டு ஒரு முழுச் சுற்று வருவதற்குள் விசிறி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணினால் அதுதான் கியர் விகிதம். நம் எடுத்துக்காட்டில் ஐம்பது. 1400-ஐ ஐம்பதால் வகுத்தால் 28. கலக்கியின் வேகம் நிமிடத்துக்கு 28 சுற்று.

அடுத்து, மோட்டாரின் உடல் அளவு. மோட்டாரைக் கியர் பெட்டியிலிருந்து பிரித்தால் அதன் முகத்தில் வட்டமான ஃபிளாஞ்ச் இருக்கும். அதன் வெளிவிட்டம், எதிரெதிர் போல்ட் ஓட்டைகளின் நடுவுக்கு நடு தூரம், மோட்டார் தண்டின் விட்டம் ஆகிய மூன்றையும் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். 160, 130, 14 மில்லிமீட்டர் என்று வந்தால் அது 71 பிரேம், பி5 ஃபிளாஞ்ச். அதே 71 பிரேமுக்குள் நான்கு போல் மோட்டார்களில் 0.25 கிலோவாட்டும் வரும், 0.37 கிலோவாட்டும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 0.37 என்பது அரை எச்.பி., 0.25 என்பது மூன்றில் ஒரு பங்கு எச்.பி. “அரை எச்.பி.தான் இருக்கும்” என்று கண்ணளவில் சொல்வது தவறிப்போவது இங்கேதான்.

கடைசியாகக் கலக்கி. அதன் தண்டு கியர் பெட்டியின் துளைக்குள் நுழைந்து நிற்கிறதா, அல்லது பெட்டியிலிருந்து வரும் தண்டோடு கப்ளிங் போட்டு இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் தொட்டியில் துளைக்குள் நுழைகிறது. துளை 25 மில்லிமீட்டர், சாவியின் அகலம் 8 மில்லிமீட்டர். கலக்கியின் நீளத்தையும் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த எடை முழுவதும் கியர் பெட்டியின் பேரிங்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. மோட்டாரிலிருந்து கூரைக்கும் பக்கத்துச் சுவருக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். வார்ம் பெட்டியில் மோட்டார் படுத்திருக்கும், நேர்கோட்டு ஹெலிகல் பெட்டியில் மோட்டார் தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்து இறங்கினால் தொட்டியின் மூடியைத் திறக்கவே இடமில்லாமல் போகலாம்.

பழையது ஏன் போனது?

விற்பனையாளருக்கு மிகவும் பயன்படும் வரி இதுதான். ஆனால் பெரும்பாலான கடிதங்களில் இது இருப்பதில்லை.

எரிந்த மோட்டாரை வைண்டிங் கடையில் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சிறிய மோட்டார்கள் வழக்கமாக ஸ்டார் இணைப்பில் இருக்கும். மூன்று பேஸ் சுருள்களில் இரண்டு கருகி ஒன்று மட்டும் புதிதுபோல் இருந்தால், ஒரு பேஸ் அறுந்த நிலையில் மோட்டார் ஓடியிருக்கிறது என்று பொருள். குற்றம் மோட்டாருடையது அல்ல, லைனுடையது அல்லது கான்டாக்டருடையது. புது மோட்டார் வாங்கி மாட்டினாலும் அதுவும் எரியும். ஒற்றை பேஸ் தடுப்பான் ஒன்றையும், சரியான ஆம்பியரில் வைத்த ஓவர்லோடு ரிலே ஒன்றையும் அதே விலைப்புள்ளியில் கேட்டு வாங்குங்கள். மூன்று சுருளும் சமமாகக் கருகியிருந்தால் சுமை கூடியிருக்கிறது அல்லது மின்னழுத்தம் விழுந்திருக்கிறது.

மோட்டார் நன்றாக இருந்து பெட்டி மட்டும் போயிருந்தால் பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பொன்னிறத் துகள்கள் மின்னினால் வார்ம் பெட்டிக்குள் இருக்கும் வெண்கலச் சக்கரம் தேய்ந்திருக்கிறது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தொட்டியைக் கழுவும் ஹோஸ் குழாயின் வேலை அது. இப்படிக் கண்டதை ஒரு வரியில் எழுதினால் போதும், விவரம் தெரிந்த கடைக்காரர் அதற்கு ஏற்ற பெட்டியைச் சொல்வார்.

மலைக்கென்று எழுத வேண்டியவை

மோட்டார்களின் திறன், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம் வரை, 40 டிகிரி வெயில் வரை என்ற கணக்கில்தான் குறிக்கப்படுகிறது. கொல்லிமலையின் மேட்டுப்பகுதி ஆயிரம் மீட்டரை ஒட்டியும் அதைத் தாண்டியும் கிடக்கிறது. உயரம் கூடினால் காற்று மெலியும், மோட்டார் ஆறுவது குறையும். ஆனால் மலையில் வெயிலும் 40-ஐத் தொடுவதில்லை, ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடும். எனவே உயரத்தைக் காரணம் காட்டி யாராவது ஒரு அளவு பெரிய மோட்டாரைத் தள்ளினால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் உயரத்தைக் கடிதத்தில் ஒரு வரியாகக் குறித்துவிடுங்கள். பின்னால் வாரன்டி பேச்சு வரும்போது “மலையில் ஓட்டியதால்தான் போனது” என்று சொல்ல அவருக்கு இடமிருக்காது.

உண்மையான கவலை மின்னழுத்தம். மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 332 வோல்ட்தான் வருகிறது என்றால், திருப்புவிசை நூற்றுக்கு அறுபத்து நான்காக இறங்கிவிடும். கிளம்பும்போது திணறி, ஓடும்போது சூடேறும். மாலைக் கறவை நேரத்தில், ஊரெல்லாம் விளக்குப் போட்டிருக்கும்போது, கம்ப்ரசரும் ஓடிக்கொண்டிருக்கையில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மூன்று பேஸையும் அளந்து எழுதுங்கள். பகல் பதினொரு மணிக்கு அளந்த வோல்ட் உங்களுக்கு உதவாது. மோட்டார்கள் பொதுவாகக் கூடுதலாகவோ குறைவாகவோ பத்து சதவீத மாறுபாட்டைத் தாங்கும். உங்கள் அளவு அதற்கும் கீழே போகிறது என்றால் அது மோட்டார் கடையில் தீரும் பிரச்சினை அல்ல, மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டியது.

மூன்றாவது ஈரம். பனிமூட்டமும் மழையும் உள்ள இடத்தில், விட்டு விட்டு ஓடும் மோட்டாருக்குள் நீர் கோக்கும். கழுவும் தண்ணீரும் மேலே விழும். சாதாரணமாக வரும் ஐபி 55 மூடுதலுக்குப் பதில் ஐபி 66-க்கும் தனி விலை கேளுங்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பாலுக்கு மேல் தொங்கும் ஆயில்

மற்ற இயந்திரத்துக்கு வாங்கும் கியர் மோட்டாருக்கும் பால் தொட்டிக்கு வாங்குவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. கியர் பெட்டி தொட்டியின் நேர் மேலே நிற்கிறது, தண்டு கீழ்நோக்கி இறங்குகிறது. ஆயில் சீல் தேய்ந்தால் கசியும் ஆயில் தண்டின் வழியாகவே ஓடிப் பாலுக்குள் சொட்டும். ஆயிரம் லிட்டரில் சில சொட்டுகள் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே கடிதத்தில் மூன்றை எழுதுங்கள். ஒன்று, எச்1 வகை உணவுத்தர கியர் ஆயில். தற்செயலாக உணவில் பட்டாலும் அனுமதிக்கப்பட்ட வகை இது. “சிந்தெடிக் ஆயில் நிரப்பியது” என்று பதில் வந்தால் அது போதாது. சிந்தெடிக் எல்லாம் உணவுத்தரம் ஆகிவிடாது. ஆயில் டப்பாவின் பெயரையும் எச்1 சான்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு, கீழ்ப்பக்கத் தண்டுக்கு இரட்டை உதடு சீல், அதற்குக் கீழே சொட்டைத் தடுத்து வெளியே தள்ளும் ஒரு தட்டு. மூன்று, பெட்டி எந்த நிலையில் மாட்டப்படும் என்பது. சில பெட்டிகளில் காற்றுப்போக்கித் திருகு ஒன்று இருக்கும், அது எப்போதும் மேல்பக்கம் இருக்க வேண்டும். படுத்த நிலைக்கென்று அனுப்பிய பெட்டியைத் தண்டு கீழ்நோக்க மாட்டினால், அந்தத் திருகு ஆயிலுக்குள் மூழ்கிவிடும். பெட்டி சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறும், ஆயில் பலவீனமான இடத்தைத் தேடி வெளியேறும், அது பெரும்பாலும் சீலாகத்தான் இருக்கும். புதுப் பெட்டி முதல் மாதத்திலேயே கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை. சிறிய வார்ம் பெட்டிகள் பல, ஆயில் நிரப்பி முழுக்க மூடியே வருகின்றன. அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே இருப்பது என்ன ஆயில் என்று கேட்காமல் விடக்கூடாது. பிறகு குறைந்துவிட்டது என்று வண்டிக்கு ஊற்றும் ஆயிலை அதில் கலக்கவும் கூடாது. சிந்தெடிக் வகைகளில் சில, மற்ற ஆயிலோடு சேராமல் கெட்டுப்போகும்.

கடிதம்

இப்போது எழுதலாம். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

அனுப்புநர்
செயலாளர்,
பால் சேகரிப்பு நிலையம்,
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை வட்டம்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், விற்பனைப் பிரிவு,
(நிறுவனத்தின் பெயர்), கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரியீர்,

பொருள்: 1000 லிட்டர் பால் குளிர்விப்பான் கலக்கிக்கு கியர் மோட்டார், எண்ணிக்கை 1 – விலைப்புள்ளி கோருதல் – தொடர்பாக.

எங்கள் நிலையத்தின் பால் குளிர்விப்பானில் உள்ள கலக்கியை ஓட்டும் கியர் மோட்டார் பழுதாகிவிட்டது. அதற்கு மாற்றாகப் பொருத்தக் கீழ்க்கண்ட விவரப்படி தங்கள் விலைப்புள்ளியை அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

வெளித்தண்டின் வேகம் நிமிடத்துக்கு 28 சுற்று. விகிதம் 50-க்கு 1. மோட்டார் 0.25 கிலோவாட், நான்கு போல், மூன்று பேஸ், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 71 பிரேம், பி5 ஃபிளாஞ்ச். கியர் பெட்டி வார்ம் வகை, செங்கோண அமைப்பு. வெளித்துளை 25 மி.மீ., சாவி 8 மி.மீ. தண்டு நேர் கீழ்நோக்கியும் மோட்டார் படுத்த நிலையிலும் பொருத்தப்படும். கலக்கியின் நீளம் 750 மி.மீ., எடை 4 கிலோ. பாலை மட்டுமே கலக்கும். குளிரூட்டும் நேரத்தில் தொடர்ந்தும், பிறகு டைமர் மூலம் விட்டு விட்டும் ஓடும். சர்வீஸ் ஃபேக்டர் 1.25-க்குக் குறையக் கூடாது.

நிலையம் ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் இருக்கிறது. மாலை நேரத்தில் அளந்த மின்னழுத்தம் 380 வோல்ட். இடம் ஈரமானது, தினமும் தண்ணீரால் கழுவப்படும். ஐபி 55, ஐபி 66 இரண்டுக்கும் தனித்தனி விலை தரவும்.

பெட்டியில் எச்1 வகை உணவுத்தர ஆயில் நிரப்பி, அதற்கான சான்று நகலுடன் அனுப்ப வேண்டும். கீழ்ப்பக்கத்தில் இரட்டை உதடு சீலும் சொட்டுத் தடுப்புத் தட்டும் தேவை.

பழைய மோட்டாரில் இரண்டு பேஸ் சுருள்கள் கருகியிருந்தன. எனவே ஒற்றை பேஸ் தடுப்பானுக்கும் ஓவர்லோடு ரிலேவுக்கும் தனி வரியில் விலை குறிப்பிடவும்.

விலைப்புள்ளியில் அடிப்படை விலை, பேக்கிங், ஜி.எஸ்.டி., நாமக்கல் லாரி ஆபீஸ் வரையிலான சரக்குக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் மொத்தமாகவும் காட்டவும். அனுப்பும் காலம், விலை செல்லுபடியாகும் நாள், பணம் செலுத்தும் முறை, வாரன்டி, வாரன்டிக் காலத்தில் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பனவற்றையும் தெரிவிக்கவும். தாங்கள் தரும் மாடலின் அளவுப்படத்தை இணைக்கவும். மேற்கண்ட விவரத்தில் ஏதேனும் மாறுபட்டால் அதைத் தனியாகக் குறிப்பிடவும்.

இரண்டு நேம் பிளேட்களின் படங்களும் பொருத்தும் இடத்தின் படமும் இணைக்கப்பட்டுள்ளன. விலைப்புள்ளி இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். ஐயம் இருப்பின் எங்கள் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைக்கவும்.

இது விலை விசாரணை மட்டுமே, கொள்முதல் ஆணை அல்ல.

இப்படிக்கு,
செயலாளர்.

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். “மாறுபட்டால் தனியாகக் குறிப்பிடவும்” என்ற வரி இல்லாவிட்டால் 50 விகிதம் கையிருப்பில் இல்லாத கடைக்காரர் 40 விகிதப் பெட்டிக்கு விலை போட்டுவிட்டு அதை மாடல் எண்ணுக்குள் மட்டும் காட்டியிருப்பார். 40 என்றால் வேகம் நிமிடத்துக்கு 35 சுற்றாகிவிடும். சர்வீஸ் ஃபேக்டர் என்பது தேவையைவிட எவ்வளவு கூடுதல் வலு பெட்டிக்கு இருக்க வேண்டும் என்ற எண். அது இல்லாமல் கேட்டால் விளிம்பில் ஓடும் சின்னப் பெட்டி வரும். கடைசியில் உள்ள “கொள்முதல் ஆணை அல்ல” என்ற வரி, யாராவது அவசரப்பட்டுப் பொருளை அனுப்பிவிட்டுப் பில் போடுவதைத் தடுக்கும்.

கடிதத்தைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம், கோயம்புத்தூர்க் கடைகளில் படிப்பார்கள். எண்களும் அலகுகளும் சரியாக இருந்தால் போதும். நிலையத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஒருவர் தொலைபேசியில் ஒரு விளக்கம் கேட்டு நீங்கள் சொன்னால், அதே விளக்கத்தை மற்றவர்களுக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் மறுபடியும் மூன்று பொருளுக்கு மூன்று விலைதான் வரும்.

வந்த பதில்களை எப்படிப் படிப்பது?

முதலில் விலையைப் பார்க்காதீர்கள். வேகம், துளை, பொருத்தும் நிலை, ஆயில் ஆகிய நான்கும் கேட்டபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் கேள்வி எழுதி அனுப்புங்கள்.

ஒருவர் வார்முக்குப் பதில் ஹெலிகல் பெட்டி தருகிறேன் என்று சொன்னால் உடனே தள்ளிவிட வேண்டாம். கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் திருப்புவிசை வரும். 0.25 கிலோவாட், 28 சுற்று என்றால் 85 நியூட்டன் மீட்டர். ஐம்பதுக்கு ஒன்று விகித வார்ம் பெட்டியில் உரசலில் போனது போக ஏறக்குறைய அறுபது சதவீதம், அதாவது ஐம்பது நியூட்டன் மீட்டர்தான் கலக்கிக்கு வந்து சேரும். ஹெலிகல் பெட்டியில் எண்பது வரை வரும். ஆகவே அதே வேலைக்கு ஹெலிகலில் இன்னும் சின்ன மோட்டாரே போதுமானதாக இருக்கலாம். ஆனால் அது நிமிர்ந்து நிற்கும். கூரைக்கு இருக்கும் இடத்தை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தால் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

பிறகு விலை. கணக்குக்காக இரண்டு பதில்களை வைத்துப் பார்ப்போம். முதல் கடை 13,500 ரூபாய், வரி முதலியன தனி என்கிறது. இரண்டாவது கடை நாமக்கல் வரை எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய் என்கிறது. பார்த்தவுடன் முதலாவது மூவாயிரம் மலிவு. பேக்கிங் இரண்டு சதவீதம், 270 ரூபாய். ஆக 13,770. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 2,479. லாரிக் கட்டணம் 600. மொத்தம் 16,849. மலிவானது இரண்டாவது கடைதான்.

இங்கே பால் நிலையங்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. மற்ற தொழிற்கூடங்கள் மோட்டாருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும். பாலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பாலை மட்டும் விற்கும் நிலையத்துக்குக் கழித்துக்கொள்ள வரியே இல்லை. கட்டிய 18 சதவீதமும் உங்கள் செலவுதான். ஆகவே “வரியைத் தள்ளிவிட்டு ஒப்பிடுங்கள்” என்று மற்ற தொழில்காரர்கள் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. நெய், வெண்ணெய் போன்ற வரி உள்ள பொருள்களும் விற்கிறீர்கள் என்றால் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கு எங்கே வந்து சேரும் என்பதையும் ஊன்றிப் படியுங்கள். “டோர் டெலிவரி” என்று எழுதியிருந்தாலும், மலை மேல் வரை என்று வார்த்தையாக எழுதாவிட்டால் பார்சல் நாமக்கல்லில்தான் நிற்கும். அங்கிருந்து காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். அந்த வாடகையை இரண்டு விலையிலும் கூட்டிக்கொள்ளுங்கள். மலை மேல் கொண்டுவந்த பிறகு தவறான பொருள் என்று தெரிந்தால் திரும்ப இறக்கும் செலவு வேறு. முடிந்தால் நாமக்கல் லாரி ஆபீஸிலேயே பார்சலைத் திறந்து, நேம் பிளேட்டைக் கடிதத்தோடு ஒப்பிட்டு, துளையில் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

வாரன்டி பெரும்பாலும் ஓட்டத் தொடங்கியதிலிருந்து 12 மாதம் அல்லது அனுப்பியதிலிருந்து 18 மாதம், எது முந்தியதோ அது என்றிருக்கும். ஆயில் சீல் அதில் சேராது என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கக்கூடும். நம் தொட்டிக்கு முக்கியமானதே சீல்தான். ஆகவே ஆணை கொடுக்கும் முன், முதல் ஆறு மாதத்துக்காவது சீல் கசிவை வாரன்டியில் சேர்க்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். கூடவே ஒரு சீல் செட்டையும் விலைக்கு வாங்கி நிலையத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது பெரிய தொகை அல்ல.

மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த அளவுகளையெல்லாம் எடுத்துவைக்கலாம். இந்த வாரமே ஒரு நாள், காலைப் பால் டேங்கரில் ஏறித் தொட்டி காலியான பிறகு, இரண்டு நேம் பிளேட்களையும் துடைத்துப் படம் எடுத்து, அச்சிட்டு, பல்க் கூலர் கோப்பில் வைத்துவிடுங்கள்.